மேற்குச் சுவரோரம்: தோவாளைப் பக்கத்து வீட்டுத் தோட்டம் ஒன்றின் நுண்காலநிலை

எங்கள் வீடு தோவாளை வட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாங்கள் விலைக்கு வாங்கியபோதே மனையைச் சுற்றி ஆறடி உயரத்துக்கு ஹாலோபிளாக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பப்பட்டிருந்தது. கிழக்குப் பார்த்த ஒற்றைத்தள வீடு. கைப்பிடிச் சுவரையும் சேர்த்துப் பதின்மூன்றடி உயரம் வரும். முன்பக்கம், அதாவது கிழக்கே, பத்தடி அகல மண்தரை. தெற்கே பன்னிரண்டடி, வடக்கே ஒன்பதடி. பின்பக்கம், வீட்டுச் சுவருக்கும் மேற்குக் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே எட்டடி அகலத்துக்கு ஒரு நீண்ட பட்டை. துணி துவைக்கவும் நடமாடவும் வசதியாக அதில் முழுவதும் பேவர் கல் பதித்திருந்தார்கள். இந்த நான்கு பக்கங்களும் ஒரே மனைக்குள், ஒரே கிணற்றுத் தண்ணீரில் இருந்தும், செடிகளுக்கு அவை நான்கு வெவ்வேறு ஊர்கள் என்பதைச் சில ஆண்டுகள் கவனித்த பிறகே முழுமையாகப் புரிந்துகொண்டேன். அவற்றுள் அதிகம் கற்றுத் தந்தது மேற்குப் பட்டை என்பதால் அதைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

ஒரே தட்டில் முளைக்கவைத்த தக்காளி நாற்றுகளை மார்கழியில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு முற்றத்து மண்ணிலும் மறுபாதியைப் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் மேற்குப் பட்டையிலும் வைத்தேன். மண்கலவை, தொழு உரம், நீரின் அளவு எல்லாம் ஒன்றே. தை முடியும்வரை இரண்டும் ஒன்றுபோலவே வளர்ந்தன. மேற்குச் செடிகள் சற்று உயரமாகவே இருந்தன. மாசியில் பூக்கத் தொடங்கியதும் வேறுபாடு வெளிப்பட்டது. கிழக்கில் கொத்துக்கு மூன்று, நான்கு காய்கள் பிடித்தன. மேற்கில் பூக்கள் காம்பின் நடுவே இருக்கும் கணுவில் மஞ்சளித்து, விரலால் தொட்டாலே உதிர்ந்தன. இலைகள் பச்சையாக இருந்தன. பூச்சியோ புழுவோ காணப்படவில்லை. செடி நலமாக இருந்தும் பூ மட்டும் கணுவில் கழன்று விழுந்தால், முதலில் இரவு வெப்பத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெயில் நேரம் கூடுதலாகக் கிடைத்ததுதான் காரணமோ என்று முதலில் பார்த்தேன். நாற்காலியை இட்டு அமர்ந்து குறித்ததில், அந்த மாதத்தில் கிழக்குப் பட்டையின் நடுவே தரைக்குக் காலை ஒன்பதே முக்கால் முதல் ஏறக்குறைய ஒன்றரை வரை வெயில் விழுகிறது. அதன்பின் வீட்டின் நிழல் அதை மூடிவிடுகிறது. மேற்குப் பட்டையின் நடுவே பதினொன்றரைக்கு அருகில்தான் வெயில் வருகிறது. இரண்டரை மணியளவில் காம்பவுண்டுச் சுவரின் நிழல் அங்கே எட்டிவிடுகிறது. நேரத்தை எண்ணினால் மேற்குத் தரைக்கு வெயில் குறைவுதான். எனவே வெயிலின் நீளத்தைக் காட்டிலும், அந்த வெயில் எதன்மேல் விழுகிறது, விழுந்தபின் எங்கே போகிறது என்பதையே பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு கருவிகள் போதுமாக இருந்தன. ஒன்று, அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி. இப்படி இரண்டு வாங்கிப் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். இவற்றின்மேல் நேரடி வெயில் பட்டால் அளவு பொய்யாகிவிடும். எனவே வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் கோத்து, காற்று புகும்படி அவற்றின் நடுவே, செடியின் பூக்கள் இருக்கும் உயரத்தில் வைத்தேன். இரண்டு வெப்பமானிகளையும் முதலில் ஒரே இடத்தில் ஓரிரவு வைத்து, அவை ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்வது அவசியம். மலிவான கருவிகளில் ஒரு டிகிரி வேறுபாடு சாதாரணம். மற்றொன்று, பரப்பின் வெப்பத்தைத் தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. சுவர், கல், மண், இலை ஆகியவற்றை அது நன்றாகவே அளக்கும். பளபளக்கும் தகரத்தையும் எவர்சில்வரையும் அதால் சரியாக அளக்க இயலாது.

மாசி மாதத்துத் தெளிந்த நாள் ஒன்றில் பிற்பகல் மூன்று மணிக்குப் பேவர் கல் 52 டிகிரி செல்சியஸ் காட்டியது. வீட்டின் மேற்குச் சுவர் 45. அதே நேரத்தில் கிழக்கு முற்றத்தில், காய்ந்த இலைகள் போர்த்திய மண் 31. பரப்புகளுக்கிடையே இத்தனை வேறுபாடு இருந்தும், காற்றின் வெப்பநிலை மேற்கில் இரண்டு டிகிரிதான் கூடுதலாக இருந்தது. திறந்த மனையில் காற்று ஓரிடத்தில் நிற்காமல் கலந்துகொண்டே இருப்பதால் காற்றின் வேறுபாடு எப்போதும் சிறிதாகவே இருக்கும். ஆனால் செடிக்குக் காற்றிலிருந்து மட்டும் வெப்பம் வருவதில்லை; சுற்றியுள்ள சூடான பரப்புகள் எல்லாம் அதன்மேல் கதிர்வீசுகின்றன. ஆகவே காற்றை மட்டும் அளப்பவர்களுக்குத் தோட்டத்தின் நுண்காலநிலையில் பாதிதான் தெரியும்.

இரவில் நிகழ்வதுதான் தக்காளியின் விதியை முடிவு செய்தது. நான்கு மணிக்கெல்லாம் மேற்குப் பட்டையின் தரை முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது குளிர்ந்த இடமாகவே தோன்றும். ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக வரும் சாய்வெயில், வீட்டுச் சுவரின் மேற்பாதியில் அந்தி வரை விழுந்துகொண்டே இருக்கும். காம்பவுண்டுச் சுவரின் வெளிப்புறமும் பிற்பகல் முழுவதும் வெயிலை வாங்கி, அந்த வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்து உட்புறத்துக்குக் கடத்தும். இரவு எட்டு மணிக்கு வீட்டுச் சுவர் 36 டிகிரியும் பேவர் 34 டிகிரியும் காட்டின. கிழக்கு மண் 27க்கு இறங்கியிருந்தது. அடுத்த தெருவில் காலமெல்லாம் பிச்சித் தோட்டத்தில் உழைத்த ஆச்சி ஒருவர், நான் டார்ச்சும் கருவியுமாகச் சுவரைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "பகல்ல குடிச்ச வெயில சுவரு ராத்திரி கக்கும் மக்களே, இதுக்கு மிசினு எதுக்கு?" என்றார். அவர் சொன்னதற்குமேல் நான் சேர்க்கக்கூடியது ஒன்றுதான். இரவில் தரை குளிர்வது பெரும்பாலும் வானத்தை நோக்கித் தன் வெப்பத்தைக் கதிராக வெளியேற்றுவதால். இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒடுங்கிய பட்டைக்குத் தெரியும் வானம் குறைவு. அது வெளியேற்றுவதில் பெரும்பகுதியை எதிர்ச் சுவர் வாங்கித் திருப்பித் தந்துவிடுகிறது. அதனால் முன்னிரவு முழுவதும் மேற்குப் பட்டையின் காற்று கிழக்கைவிட இரண்டு டிகிரி கூடுதலாக இருந்து, விடியும் நேரத்தில்தான் இரண்டும் ஏறத்தாழச் சமமாயின.

தக்காளியின் மகரந்தம் நன்றாக உருவாகிக் காய் பிடிப்பதற்கு இரவு வெப்பநிலை 24 டிகிரிக்குக் கீழே வருவது நல்லது. எங்கள் பகுதியில் மாசி மாத இரவுகள் அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. மலையடிவாரத்துக் குளிர்ச்சி உள்ள ஊரில் இரண்டு டிகிரி கூடுதல் ஒரு பொருட்டாகாது; இங்கே அந்த இரண்டு டிகிரிதான் காய்க்கும் உதிர்வுக்கும் நடுவே நிற்கிறது. மிளகாயும் இதே காரணத்தால் பூ உதிர்க்கும், ஆனால் தக்காளியைவிடச் சற்றுத் தாங்கும். வெண்டை, காராமணி, கறிவேப்பிலை, முருங்கை ஆகியவை அந்த வெப்பத்தை ஏற்றுக்கொண்டு வளர்கின்றன. பங்குனி முடிந்து சித்திரை பிறந்தபின் கிழக்குச் செடிகளிலும் காய்ப்பு நின்றுவிட்டது; அப்போது மனை முழுவதும் அந்த எல்லையைக் கடந்துவிட்டிருந்தது. நிழலும் நீரும் ஓரிரு டிகிரியை மாற்றலாமே ஒழியப் பருவத்தை மாற்ற முடியாது.

மேற்குப் பட்டையில் முதலில் செய்தது, காம்பவுண்டுச் சுவரோரமாக மூன்றடி அகலத்துக்குப் பேவரை எடுத்ததுதான். வீட்டுச் சுவரோரம் எடுக்கவில்லை. அங்கே பாத்தி அமைத்து நாள்தோறும் நீர் விட்டால் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும் என்பதால், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி உலர்ந்த தளமாகவே இருக்க வேண்டும். கல்லை எடுத்துவிட்டால் அடியில் மண் கிடைக்கும் என்று எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். முதலில் பாறைப்பொடி, அதற்கடியில் இயந்திரத்தால் இறுக்கிய ஜல்லியும் செம்மண்ணும் என அரையடிக்கு மேல் இருந்தது. அதை முழுவதும் அள்ளி வெளியேற்றி, அடியில் இறுகிக் கிடந்த மண்ணைக் கடப்பாரையால் ஒன்றரையடி ஆழத்துக்கு நெகிழ்த்தி, புதிய மண்ணும் தொழு உரமும் நிரப்பினோம். பாறைப்பொடியைச் சோம்பலால் உள்ளேயே விட்டுவிட்டால் நீர் வடியாமல் தேங்கி வேர் அழுகும்.

சுவரோர மண்ணைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சுவர் கட்டும்போதும் பூசும்போதும் சிந்திய சிமெண்டுக் கலவை மண்ணோடு கலந்து அதைக் காரத்தன்மை உள்ளதாக்கிவிடும். அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள இயலாது. இதைக் கண்டுபிடிக்க எளிதான வழி ஒரு தெச்சிச் செடி. சுவரோரம் வைத்த தெச்சியின் கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அது இரும்புக் குறைபாடு. வெயில் கருக்கல் அன்று. வெயில் கருக்கினால் முற்றிய இலையின் விளிம்பும் வெயில் படும் முகமும் பழுப்பாகும். கொழுந்து முதலில் வெளிறாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நிழல்வலை கட்டுபவர்கள் பலர். நாங்கள் சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, மக்கிய இலையுரத்தைத் தாராளமாகச் சேர்த்தபின் புதுக் கொழுந்துகள் பச்சையாக வந்தன. பழைய மஞ்சள் இலைகள் தேறவில்லை.

அடுத்தது சுவரை மறைப்பது. வீட்டின் மேற்குச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இரும்புக் குழாய்களை நட்டுக் கம்பி இழுத்து, தொட்டிகளில் கோவையையும் சங்குப்பூவையும் வைத்து ஏற்றினோம். கொடியைச் சுவரிலேயே படரவிட்டால் சுண்ணமும் பூச்சும் கெடும். ஓரடி இடைவெளி இருந்தால் நடுவே காற்று ஏறி இறங்கி, இலை வாங்கிய வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். ஒரு கோடை கடந்து கொடி அடர்ந்த பிறகு அதன் பின்னாலிருந்த சுவர்ப் பரப்பு, வெயில் நேரடியாகப் படும் பக்கத்துப் பரப்பைவிட எட்டு முதல் பத்து டிகிரி குறைவாகக் காட்டியது. உள்ளே அடுக்களைச் சுவரைத் தொட்டாலும் அந்த வேறுபாடு கைக்குத் தெரிந்தது. வெயில் சுவரில் ஏறிய பிறகு அதைக் குளிர்விப்பதைவிட, ஏறாமல் தடுப்பது பல மடங்கு எளிது என்பதால், மேற்குச் சுவருக்கு நிழல் தருவதைத்தான் எல்லாவற்றிலும் பயனுள்ள வேலையாக நான் கருதுகிறேன்.

மிஞ்சிய பேவர் தளத்துக்குத் தண்ணீர் தெளிப்பது பற்றி வீட்டில் வாதம் நடந்தது. மாலையில் தளம் முழுவதும் குழாய் பிடித்து அடிப்பது எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கம்தான். அதில் எவ்வளவு பயன், எவ்வளவு வீண் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. இரண்டரை அங்குலக் கனமுள்ள பேவர், ஒரு சதுர மீட்டருக்கு, அதாவது பத்தேமுக்கால் சதுர அடிக்கு, சுமார் 130 கிலோ எடை வரும். அதை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 120 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். எனவே அரை லிட்டர் நீர் அந்தக் கல்லின்மேல் நின்று முழுவதும் ஆவியானால் கல்லின் வெப்பம் பத்து டிகிரி இறங்கும். இறக்குவது ஆவியாகும் நீர் மட்டுமே. ஓடி வடியும் நீர் பெரிதாக எதையும் கொண்டுபோவதில்லை. ஆகவே பூவாளியால் தரை நனையும் அளவுக்கு மட்டும் தெளித்து, அது காய்ந்தபின் மறுபடியும் ஒருமுறை தெளித்தால் போதும். இருபது குடம் நீரைக் கொட்டுவதால் கூடுதல் குளிர்ச்சி கிடைக்காது. நான் நான்கு மணிக்கு, தளம் நிழலுக்குள் வந்ததும் தெளிக்கிறேன். அதற்கு முன் தெளித்தால் வெயில் மறுபடியும் கல்லைச் சூடேற்றிவிடும்.

இந்த முறை மாசி முதல் வைகாசி வரைதான் பலன் தரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை நாட்களில் தெளித்த நீர் ஆவியாகாமல் அப்படியே கிடந்து பாசி பிடிக்கும். கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் தெளிப்பை இலைகளின்மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் போய் உப்பு மட்டும் இலையில் தங்கி விளிம்பைக் கருக்கிவிடும்.

மண்ணுக்கு வெறும் தெளிப்பைவிட மூடாக்கே பெரிது. தேங்காய்க் கதம்பையை மேல்தோல் கீழே படும்படி, நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினால் அது மழைநீரையும் ஊற்றிய நீரையும் வாங்கி மெதுவாக விடும். அதன்மேல் காய்ந்த பலா இலைகளைப் பரப்பினால் வெயில் கதம்பையைத் தொடாது. இப்படி மூடிய பாத்தியில் இரண்டு அங்குல ஆழத்து மண்ணும், மூடாத பாத்தியின் மண்ணும் பிற்பகலில் ஏழெட்டு டிகிரி வேறுபடுவதைக் கண்டேன். மூடாக்கைத் தண்டோடு ஒட்டி வைக்கக் கூடாது. நான்கு விரல் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் தண்டின் அடி எந்நேரமும் ஈரமாக இருந்து அழுகும்.

கோடையில் பகையாக இருந்த அந்தச் சுவர்கள் மழைக்காலத்தில் வேறொரு தொல்லையைத் தந்தன. வடகிழக்குப் பருவமழை நாட்களில் இலைகள் இரவெல்லாம் நனைந்திருக்கும். கிழக்கு முற்றத்தில் செடிகளின் உச்சிக்குக் காலையிலேயே வெயில் எட்டிவிடுவதால் ஒன்பது மணியளவில் இலைகள் காய்ந்துவிடுகின்றன. மேற்குப் பட்டையில் வீட்டின் நிழல் விலகப் பதினொன்றரை ஆகிறது, காற்றோட்டமும் இல்லை. இலை நனைந்திருக்கும் நேரம் நீள நீளப் பூஞ்சைக்கு அது விருந்து. தக்காளியின் அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதும், வெற்றிலைக் கொடியின் அடித்தண்டு கறுத்து ஒரு வாரத்துக்குள் கொடியே துவண்டு சாய்வதும் இந்த ஈரத்தின் விளைவுகள். எந்த இடம் ஆபத்தானது என்று அறிய, மழை பெய்யாத காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்தைச் சுற்றிவந்து இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும். அந்நேரத்தில் எங்கே கை நனைகிறதோ அங்கே நெருக்கமாக நடக் கூடாது. அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். மாலையில் இலைமேல் நீர் ஊற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும். வடமேற்கு மூலையில் காம்பவுண்டுச் சுவரின் அடியிலுள்ள இரு வரிசைக்கு மேல், சில கற்களின் இடத்தில் ஜாலிக் கற்களைப் பதித்தபின் அந்த மூலை ஒரு மணி நேரம் முன்னதாகக் காய்கிறது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வட்டாரத்துத் தோட்டத்தைப் பேச முடியாது. ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் காற்று, மலைகளுக்கு நடுவிலிருக்கும் கணவாயில் நெருக்கப்பட்டு வேகம் எடுக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்திருப்பதும் அதனால்தான். இந்தக் காற்றுக்கு உயரமான சுவர்தான் காவல் என்று நினைத்து ஆறடியை எட்டடியாக உயர்த்துபவர்கள் உண்டு. இடைவெளியே இல்லாத சுவரில் மோதும் காற்று மேலே ஏறித் தாண்டி, மறுபக்கத்தில் சுழன்று கீழே விழுகிறது. எங்கள் மேற்குப் பட்டையில் அது வீட்டுச் சுவரிலும் மோதித் திரும்புவதால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய இரண்டடி அமைதியாகவும், நடுப்பகுதி சுழலாகவும் இருந்தது. உதிர்ந்த இலைகள் அங்கே வட்டமிட்டுச் சுற்றிக் குவியும் இடத்தைப் பார்த்தே சுழலின் நடுவைக் கண்டுகொள்ளலாம். வீட்டின் தென்மேற்கு மூலையில் நிலைமை இன்னும் கடுமை. மூலையைச் சுற்றி நெருங்கிப் பாயும் காற்றில் அங்கிருந்த மட்டி வாழையின் இலைகள் நார்நாராகக் கிழிந்தன. அதே மட்டியின் பக்கக்கன்றைப் பெயர்த்து வீட்டின் கிழக்கு மறைவில் வைத்ததில் இலைகள் முழுசாகவே நின்றன.

காற்றை நிறுத்துவதைவிட வடிகட்டுவது நல்லது. பரப்பில் பாதியளவு ஓட்டையாக உள்ள தடுப்பு, காற்றின் வேகத்தைக் குறைத்து உள்ளே விடுவதால் பின்னால் பெரிய சுழல் உண்டாவதில்லை. அத்தகைய தடுப்பின் பாதுகாப்பு அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரைகூட உணரப்படும். காம்பவுண்டுச் சுவரின் மேல் சவுக்குக் கம்புகளைக் கட்டி, இரண்டடி உயரத்துக்கு முடைந்த ஓலையை இடைவெளி விட்டு நிறுத்தினோம். ஓலையை இறுக்கமாக அடுக்கினால் அதுவும் சுவராகிவிடும். தட்டியின் ஊடே பார்த்தால் மறுபக்கத்து வானம் பாதிக்குப் பாதி தெரிய வேண்டும். ஆவணி கழிந்ததும் அதை அவிழ்த்துவிடுகிறோம், ஏனெனில் மழைக்காலத்தில் அங்கே காற்று தேவை. மேற்கே மெல்லிய நிழல் தருவதற்காக வைத்த முருங்கையை வைகாசிக் கடைசியில் ஆளுயரத்துக்கு வெட்டிவிடுகிறோம். அதன் கிளைகள் ஆடிக் காற்றைத் தாங்காமல் முறிந்து கீழேயுள்ள செடிகள்மேல் விழும். வெட்டியது மழைக்குத் தழைத்து, அடுத்த கோடைக்கு நிழலாக வந்துவிடும்.

வடக்கு, தெற்குப் பக்கங்களுக்கு வருகிறேன். குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் தெற்குச் சுவரை வெயில் சுவர் என்றும், வடக்குப் பக்கத்தை நிரந்தர நிழல் என்றும் சொல்லும். நாகர்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும் நாட்களிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்று பன்னிரண்டு இருபது மணியளவில் நட்ட கம்புக்கு நிழலே இராது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்போது வெயில் வாங்குவது வடக்குச் சுவர். நிழலில் இருப்பது தெற்குச் சுவர். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எங்கள் பதின்மூன்றடி வீட்டின் நண்பகல் நிழல் வடக்கே எட்டடிக்கு விழுகிறது. ஜூன் மூன்றாம் வாரத்தில் தெற்கே மூன்றரை அடிக்கு விழுகிறது. ஆகவே ஒன்பதடி வடக்குப் பட்டை டிசம்பரை ஒட்டிய மாதங்களில் ஏறத்தாழ முழு நிழல், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை முழு வெயில். சித்திரை, வைகாசியில் நட்டு மார்கழி, தையில் தோண்டும் மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் இது பொருந்தி வருகிறது. தழை வளரும் மாதங்களில் வெயில் கிடைத்து, முற்றும் மாதங்களில் நிழலும் ஈரமும் கிடைக்கின்றன.

கணக்குப் போட விரும்பாதவர்கள் டிசம்பர், மார்ச், ஜூன் மாதங்களில் ஒவ்வொரு தெளிந்த நாளைத் தேர்ந்து, காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகிய நேரங்களில் நிழலின் விளிம்பில் கோலப்பொடியால் கோடிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். புதிதாக மரம் வைக்கும் முன்னும், புதிய கட்டடம் எழும்பிய பின்னும் இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எங்களுக்கு இப்போது அந்த வேலை வந்திருக்கிறது. தெற்கே அடுத்த மனையில், பொதுச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருபத்துமூன்றடி உயரத்தில் மாடி வீடு எழும்புகிறது. டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் வடக்கே பதினான்கடிக்கு வரும்; மூன்றடியைக் கழித்தால், எங்கள் பன்னிரண்டடித் தெற்குப் பட்டையில் பதினோரடி அதற்குள் போய்விடும். ஐப்பசியில் அங்கே நட்டு வந்த கத்தரியை இனிமேல் கிழக்கு முற்றத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் சித்திரை முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே இருப்பதால், அந்த மாடியின் உச்சிநேர நிழல் எங்கள் பக்கம் விழாது. அந்த மாதங்களுக்கு வெண்டையையும் காராமணியையும், எங்கள் வீட்டின் சொந்த நிழலுக்குத் தப்ப, அதன் தெற்குச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி விதைக்கப்போகிறேன்.